வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் பிறகு போட்ட சம்பளம்: பேங்க் நெகாராவுக்கு ஒரு திறந்த மடல்

பேங்க் நெகாரா மலேசியாவில் பணப் பரிமாற்ற முறைகளைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் பினாங்கு மாநிலத்தின் பிறையில் ஒரு சிறிய துப்புரவுக் குத்தகை நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். மாதாமாதம் சம்பளக் கோப்பைத் தயார் செய்து வங்கியின் இணையப் பக்கத்தில் ஏற்றுவது என் வேலை. எங்களிடம் வேலை செய்பவர்கள் தொழிற்சாலைகளிலும் அடுக்குமாடிகளிலும் தரை துடைக்கும் பெண்கள், குப்பை அள்ளும் ஆண்கள். பெரும்பாலோர் தமிழர்கள். பட்டர்வொர்த்திலிருந்தும் புக்கிட் மெர்தாஜாமிலிருந்தும் வருகிறார்கள். மாநில எல்லை தாண்டி, கெடாவின் கூலிமிலிருந்தும் சுங்கை பட்டாணியிலிருந்தும் கூட வருகிறார்கள். சம்பள நாளில் அவர்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "காசு எப்போ ஏறும்?" அந்தக் கேள்விக்கு வங்கியின் திரையே பதில் சொல்ல வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல்.

2025 தீபாவளி அக்டோபர் 20, திங்கட்கிழமை வந்தது. அதற்கு முந்தைய சனியும் ஞாயிறும் வார விடுமுறை. ஆக, வங்கிகளின் கணக்கில் வெள்ளிக்கிழமை 17-ஆம் தேதிக்கு அடுத்த வேலை நாள் செவ்வாய்க்கிழமை 21. எங்கள் ஆட்களுக்குப் பண்டிகை முன்பணம் போட வேண்டிய வாரம் அது.

முதலாளிக்குப் பணம் வர வேண்டியது ஒரு வாடிக்கையாளரிடமிருந்து. அவர்கள் இன்னும் காசோலைதான் கொடுக்கிறார்கள். வியாழக்கிழமை 16-ஆம் தேதி மதியத்துக்குள் தருவதாகச் சொன்னவர்கள், மாலை நான்கு தாண்டித்தான் கொடுத்தார்கள். நான்கரைக்கு அதைக் காசோலை இயந்திரத்தில் போட்டோம். பெரும்பாலான வங்கிகளில் காசோலைக்கான நேர வரம்பு மாலை 4 மணி. அதற்குமுன் போட்டால் அன்றைய கணக்கு, மறு வேலை நாள் பணத்தை எடுக்கலாம். அதற்குப் பின் போட்டால் மறுநாள் போட்டதாகக் கணக்கு. எனவே எங்கள் காசோலை வெள்ளிக்கிழமை போட்டதாக ஆகிவிட்டது. வெள்ளிக்கு மறு வேலை நாள் செவ்வாய். மூன்றரைக்குப் போட்டிருந்தால் வெள்ளிக்கிழமை கையில் இருந்திருக்கும் பணம், நான்கரைக்குப் போட்டதால் தீபாவளி முடிந்து மறுநாள்தான் கிடைக்கும். ஒரு மணி நேரத் தாமதம் நான்கு நாளாகிவிட்டது.

இயந்திரம் கொடுத்த ரசீதில் காசோலையின் படம் இருந்தது, தொகை இருந்தது, போட்ட நேரமும் இருந்தது. பணத்தை எந்தத் தேதியில் எடுக்கலாம் என்பது மட்டும் இல்லை. அன்று இரவே கணக்கைத் திறந்து பார்த்தால் அந்தத் தொகை இருப்பில் சேர்ந்ததுபோல் தெரிந்தது. எடுக்கக்கூடிய இருப்பு எவ்வளவு என்பது அடுத்த பக்கத்தில், சிறிய எழுத்தில். வரவு பதிந்திருப்பது வேறு, பணம் தீர்வாகிக் கைக்கு வருவது வேறு என்று கணக்கு எழுதுபவருக்குத் தெரியும். கடை வைத்திருப்பவருக்கும் லாரி ஓட்டுபவருக்கும் அது எப்படித் தெரியும்?

இதற்கான காரணம் எனக்குப் புரிகிறது, அதை நான் குறை சொல்லவில்லை. இப்போது காசோலைத் தாள் ஊர் விட்டு ஊர் போவதில்லை. நாம் போட்ட வங்கி அதைப் படம் பிடித்து, இ-ஸ்பிக் முறை வழியாக, எழுதிக் கொடுத்தவரின் வங்கிக்கு அனுப்புகிறது. அந்த வங்கி கையெழுத்தைப் பார்க்கிறது, தேதியைப் பார்க்கிறது, கணக்கில் பணம் இருக்கிறதா என்று பார்க்கிறது. சரியில்லை என்றால் திருப்பி அனுப்புகிறது. அதற்கு நேரம் வேண்டும், வேலை செய்ய ஆள் வேண்டும். காசோலை என்பது பணம் அல்ல, பணம் கொடுக்கச் சொல்லும் ஓர் உத்தரவு என்பதால் இந்தக் காத்திருப்பில் நியாயம் இருக்கிறது. ரசீதில் "21.10.2025 முதல் எடுக்கலாம்" என்று ஒரு வரி அச்சிடாததற்கு அப்படி ஒரு நியாயமும் இல்லை. அந்த வரி இருந்திருந்தால் எங்கள் முதலாளி வியாழக்கிழமை இரவே வேறு ஏற்பாட்டில் இறங்கியிருப்பார்.

அவருக்கு அது தெரிந்தது வெள்ளிக்கிழமை காலையில்தான். அன்று முழுவதும் அலைந்து, தன் சேமிப்பிலிருந்து நிறுவனக் கணக்குக்குப் பணம் மாற்றினார். நான் கோப்பை ஏற்றி வைத்திருந்தேன். நிறுவனக் கணக்கில் ஒருவர் ஏற்ற வேண்டும், இன்னொருவர் ஒப்புதல் கொடுக்க வேண்டும். அவர் ஒப்புதல் கொடுத்தபோது மாலை 5.40. திரையில் 'வெற்றி' என்று வந்தது. நிறுவனக் கணக்கிலிருந்து மொத்தத் தொகையும் அப்போதே கழிந்துவிட்டது.

எங்கள் வங்கியிலேயே கணக்கு வைத்திருந்த ஆட்களுக்கு அந்த நிமிடமே காசு ஏறியது, ஏனென்றால் அது ஒரே வங்கியின் ஏட்டுக்குள் நடக்கும் மாற்றம். மற்ற வங்கிகளில் கணக்கு உள்ளவர்களுக்குப் போனது, வங்கி விட்டு வங்கி பணம் அனுப்பும் ஐ.பி.ஜி. முறை வழியாக. அதில் அன்றைய கடைசி வரம்பு மாலை 5 மணி. இரண்டிலிருந்து ஐந்துக்குள் அனுப்பியது அன்று இரவு 11 மணிக்குள் போய்ச் சேரும். ஐந்தைத் தாண்டியது மறு வேலை நாள் காலை 11 மணிக்குள். அதாவது செவ்வாய் 21. ஒரே இடத்தில் ஒன்றாகத் தரை துடைக்கும் இரண்டு பெண்களில் ஒருவர் வெள்ளிக்கிழமை இரவே முன்பணத்தை எடுத்துக்கொண்டு ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவுக்குப் பிள்ளைகளுக்குத் துணி எடுக்கப் போனார். இன்னொருவர் சனிக்கிழமை காலையிலிருந்து எனக்குப் போன் செய்துகொண்டிருந்தார்.

"அவளுக்கு ஏறிடுச்சே, எனக்கு மட்டும் ஏன் ஏறல?" என்று கேட்டார். முதலாளி தனக்கு மட்டும் போடவில்லையோ என்ற சந்தேகம் அவர் குரலில் இருந்தது. நான் ஐ.பி.ஜி. என்றும் ஐந்து மணி என்றும் விளக்கியது அவருக்குச் சாக்குப்போக்காகத்தான் கேட்டிருக்கும். அவர் வீடு சுங்கை பட்டாணியில். கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிற்றுக்கிழமை அங்கே வங்கிக் கிளை திறந்திருந்தது. நேரில் போய்க் கேட்டிருக்கிறார். முகப்பில் இருந்தவர் கணக்கைப் பார்த்துவிட்டு, எதுவும் வரவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவர் சொன்னதும் உண்மைதான். கிளை திறந்திருக்கிறது என்பதற்காக ஐ.பி.ஜி. ஓடாது. எங்கள் வங்கியோ பணத்தைக் கழித்துவிட்டது, அவருடைய வங்கிக்கோ அப்படி ஒரு பணம் வருவதே தெரியாது.

ஏறிவிட்ட கோப்பை இழுத்து நிறுத்தி வேறு வழியில் போடவும் அந்த வார இறுதியில் முடியவில்லை. கடைசியில் முதலாளி தன் அட்டையில் எடுக்க முடிந்த அளவு ரொக்கம் எடுத்து, ரொம்பவும் அவசரம் என்றவர்களுக்குக் கைமாற்றாகக் கொடுத்தார். மற்றவர்கள் தீபாவளியைக் கடனில் கழித்தார்கள்.

இந்தப் பணம் மூன்றரை நாள் எங்கே இருந்தது என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். உங்களுக்கு இது அன்றாட விஷயம். மடலைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஐ.பி.ஜி.யில் பணம் ஒவ்வொன்றாகப் போவதில்லை, தொகுதி தொகுதியாகப் போகிறது. வேலை நாளில் ஒரு தொகுதிக்குரிய நேரம் முடிந்ததும், எந்த வங்கி எந்த வங்கிக்கு எவ்வளவு தர வேண்டும் என்று கூட்டிக் கழித்து, மிச்சத் தொகையை மட்டும் வங்கிகள் தங்களுக்குள் தீர்த்துக்கொள்கின்றன. அந்தத் தீர்வு நடப்பது பேங்க் நெகாராவில் வங்கிகள் வைத்திருக்கும் கணக்குகளில், ரெந்தாஸ் முறை வழியாக. ரெந்தாஸ் சனி, ஞாயிறுகளிலும் விடுமுறைகளிலும் இயங்காது. தீர்வு இல்லையென்றால் தொகுதியும் இல்லை. ஆகவே வெள்ளி மாலை 5.01-க்கு அனுப்பியதும் ஞாயிறு இரவு அனுப்பியதும் ஒரே வரிசையில் நின்று, அடுத்த வேலை நாள் காலைத் தொகுதியில்தான் நகரும். அதுவரை அந்தப் பணம் அனுப்பிய வங்கியில் நிற்கிறது. அனுப்பியவர் கணக்கிலும் இல்லை, பெறுபவர் கணக்கிலும் இல்லை.

2018 டிசம்பரில் டூயிட்நவ் என்ற உடனடிப் பரிமாற்ற முறை வந்த பிறகு இந்தக் காத்திருப்பு கட்டாயமில்லாத ஒன்றாகிவிட்டது. டூயிட்நவ்வில் பெறுபவரின் வங்கி உடனே வரவு வைக்கிறது, வங்கிகள் தங்களுக்குள் பின்னர் தீர்த்துக்கொள்கின்றன. ஞாயிறு நள்ளிரவிலும் தீபாவளி அதிகாலையிலும் அது வேலை செய்கிறது. 5,000 ரிங்கிட் வரையிலான உடனடிப் பரிமாற்றத்துக்குத் தனிநபர்களிடமும் சிறு, நடுத்தர நிறுவனங்களிடமும் கட்டணம் வாங்கக்கூடாது என்று 2018 ஜூலையிலிருந்தே செய்தது நீங்கள்தான். எங்கள் ஆட்களில் யாருக்கும் மாதச் சம்பளம் 5,000 ரிங்கிட்டைத் தொடுவதில்லை. அப்படியிருந்தும் சம்பளக் கோப்பை ஏற்றும் பக்கத்தில் முதலில் தேர்வாகி நிற்பது ஐ.பி.ஜி.தான். பத்து சென் கட்டணம், பழகிய வழி, எல்லா வங்கியும் ஏற்கும் கோப்பு. இதனால் சிறிய நிறுவனங்களின் கணக்கர்கள் அதை மாற்றுவதே இல்லை. சில வங்கிகளில் மொத்தக் கோப்பை டூயிட்நவ்வில் போடலாம், ஆனால் அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், கட்டணமும் வங்கிக்கு வங்கி வேறு.

உடனடிப் பரிமாற்றத்தில் மோசடி ஆபத்து அதிகம் என்று நீங்கள் கவலைப்படுவது நியாயம். போன பணத்தைத் துரத்திப் பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்பது மோசடிப் புகார் எண்ணான 997-க்கு அழைத்தவர்களுக்குத் தெரியும். எங்கள் கோப்பில் இருப்பதோ மாதாமாதம் அதே பெயர்கள், அதே கணக்கு எண்கள். இரண்டு பேர் ஒப்புதல் கொடுத்துப் போகும் பணம் அது. அதைச் செவ்வாய் வரை நிறுத்தி வைப்பதால் எந்த மோசடியும் தடுபடப் போவதில்லை.

இன்னொரு விஷயம் பினாங்கில் இருப்பவர்களுக்கு முக்கியமானது. தலைநகரில் இருப்பவர்கள் கண்ணில் இது படாது. ஐ.பி.ஜி.யின் வேலை நாள் என்பது கோலாலம்பூரின் நாட்காட்டிப்படி. பிப்ரவரி 1 கூட்டரசுப் பிரதேச தினம். கோலாலம்பூரிலும் புத்ராஜெயாவிலும் லாபுவானிலும் விடுமுறை. பினாங்கில் அன்று வேலை நாள், வங்கிக் கிளைகளும் திறந்திருக்கும். 2024-இல் அது வியாழக்கிழமை வந்தது. ஜனவரி 31, புதன்கிழமை மாலை ஐந்துக்குப் பிறகு சம்பளம் போட்ட பினாங்கு நிறுவனங்களின் பணம் வெள்ளிக்கிழமை காலைதான் போய்ச் சேர்ந்தது. வியாழக்கிழமை முழுவதும் எங்கள் அலுவலகம் இயங்கியது, வங்கி இயங்கியது, எங்கள் சுவரில் தொங்கும் நாட்காட்டியில் அன்றைக்குச் சிவப்பு எழுத்தும் இல்லை. பணம் மட்டும் நகரவில்லை. அதற்கு ஒரு வாரம் முன்பு, ஜனவரி 25-இல் வந்த தைப்பூசம் இரு இடத்திலும் விடுமுறை என்பதால் எல்லோரும் அதற்கேற்ப முன்கூட்டியே போட்டார்கள். பிப்ரவரி 1 எங்கள் விடுமுறை இல்லை என்பதால்தான் அது கண்ணில் படாமல் போகிறது.

இதில் சட்டப் பொறுப்பும் இருக்கிறது. வேலைச் சட்டம் 1955-இன் 19-ஆம் பிரிவு, சம்பளக் காலம் முடிந்த ஏழாம் நாளுக்குள் சம்பளத்தைக் கொடுத்துவிட வேண்டும் என்கிறது. அதே சட்டம் சம்பளத்தை வங்கிக் கணக்கில் போடச் சொல்கிறது. 2025 செப்டம்பரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் சம்பளத்தின் கடைசி நாள் செப்டம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமை 5-ஆம் தேதி நபிகள் நாயகம் பிறந்தநாள் விடுமுறை. வியாழக்கிழமை 4-ஆம் தேதி மாலை ஆறு மணிக்கு ஐ.பி.ஜி.யில் போட்ட சம்பளம், ஆளின் கணக்கில் ஏறுவது திங்கட்கிழமை 8-ஆம் தேதி காலையில். முதலாளி மூன்று நாள் முன்னதாகவே போட்டார், அவர் கணக்கிலிருந்தும் கழிந்துவிட்டது. ஆனால் தொழிலாளி கைக்கு எட்டாம் தேதிதான் வந்தது. அரசின் தொழிலாளர் துறையில் புகார் போனால் யார் பக்கம் நிற்பது? இப்படி ஒரு வாதமே வராமல் செய்ய உங்களால் முடியும்.

நான் கேட்பது அதிகம் இல்லை. முதலில், ஒப்புதல் பொத்தானை அழுத்துவதற்கு முன்பே, பணம் எந்தத் தேதி, எத்தனை மணிக்குள் போய்ச் சேரும் என்று திரை சொல்ல வேண்டும். 'அடுத்த வேலை நாள்' என்ற பொது வார்த்தை போதாது, ஏனென்றால் எது வேலை நாள் என்பதில்தான் எல்லாச் சிக்கலும் இருக்கிறது. "21.10.2025, செவ்வாய், காலை 11 மணிக்குள்" என்று எழுதியே காட்ட வேண்டும். நேர அட்டவணையும் விடுமுறைப் பட்டியலும் வங்கிகளிடம் ஏற்கெனவே இருக்கின்றன. அதன்படிதான் பணத்தையே நிறுத்தி வைக்கிறார்கள். அதே தேதியைத் திரையில் காட்டுவது பெரிய வேலை இல்லை. அன்று 5.40-க்கு எங்கள் முதலாளி அந்த வரியைப் பார்த்திருந்தால், கோப்பை நிறுத்திவிட்டு ஒவ்வொருவருக்காக டூயிட்நவ்வில் போட்டிருப்போம். ராத்திரி பத்து மணி ஆகியிருந்தாலும் எல்லோருக்கும் அன்றே ஏறியிருக்கும்.

அடுத்தது, சேருவதற்கு ஒரு நாளுக்கு மேல் ஆகும் என்றால், அதே திரையில் டூயிட்நவ் வழியையும் அதன் கட்டணத்தையும் காட்டி, எது வேண்டும் என்று கேட்க வேண்டும். தனிநபர் பக்கத்தில் சில வங்கிகள் இப்போதே உடனடிப் பரிமாற்றத்தை முதலில் வைத்திருக்கின்றன. நிறுவனங்களின் சம்பளக் கோப்புக்கும் அது வர வேண்டும். ஆளுக்கு 5,000 ரிங்கிட்டுக்குள் இருக்கும் சம்பள வரிகளுக்கு, கோப்பில் போட்டாலும் கட்டணம் இல்லை என்று நீங்கள் அறிவித்தால் சிறிய நிறுவனங்கள் தாமாகவே மாறிவிடும். காசோலை ரசீதில் எடுக்கக்கூடிய தேதியை அச்சிடுவதையும், கணக்கைத் திறந்ததும் எடுக்கக்கூடிய இருப்பை முதலில் காட்டுவதையும் இதோடு சேர்த்துக் கேட்கிறேன்.

ரெந்தாஸை ஞாயிற்றுக்கிழமையும் ஓட்டுங்கள் என்று நான் கேட்கவில்லை. பெருந்தொகைத் தீர்வுக்கு ஓய்வு நாள் தேவை என்பதை ஏற்றுக்கொள்கிறேன். காசோலையைப் பார்த்துச் சரிசெய்யும் ஊழியர்களும் தீபாவளி கொண்டாட வேண்டியவர்கள்தான்.

என்னைப்போல் சம்பளம் போடுபவர்களுக்கும் இங்கேயே ஒரு வார்த்தை. இந்த மாற்றங்கள் வரும்வரை, ஆண்டுத் தொடக்கத்திலேயே கோலாலம்பூரின் விடுமுறைப் பட்டியலை எடுத்து உங்கள் சம்பள நாட்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். விடுமுறைக்கு முந்தைய வேலை நாளில் கோப்புக்கான ஒப்புதலை மதியம் இரண்டுக்குள் வாங்கிவிடுங்கள். ஐந்து மணி தாண்டிவிட்டால் ஐ.பி.ஜி.யைத் தொடாதீர்கள். வாடிக்கையாளர் காசோலைதான் தருவேன் என்றால், சம்பளம் போடுவதற்கு முழுதாக இரண்டு வேலை நாள் முன்னதாக, மாலை நான்குக்குள் கேட்டு வாங்கிப் போடுங்கள். ஆட்களிடம் தேதியைச் சொல்லும்போது, நீங்கள் போட்ட தேதியைச் சொல்லாமல் அவர்கள் கணக்கில் ஏறும் தேதியைச் சொல்லுங்கள்.

அதிகாரிகளே, 2027-இல் பிப்ரவரி 1 திங்கட்கிழமை வருகிறது. ஜனவரி 29, வெள்ளிக்கிழமை மாலை ஐந்துக்குப் பிறகு பினாங்கில் ஐ.பி.ஜி.யில் போடப்படும் மாதக் கடைசிச் சம்பளம், பிப்ரவரி 2, செவ்வாய்க்கிழமை காலைதான் ஏறும். சீனப் புத்தாண்டு அதே வாரம் சனிக்கிழமை. அதற்குள் திரையில் அந்தத் தேதி தெரியும்படி வங்கிகளுக்கு உத்தரவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பிறையில் சம்பளக் கணக்கு எழுதும் ஒருவர்